வைஃபை வந்ததும் வாய் மூடும் பின்கள்

தொட்டி மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரி ஒன்றை இஎஸ்பி32 பலகையின் 4-ஆம் பின்னில் இணைக்கிறீர்கள். மண் காய்ந்தால் ஓர் எண், நனைந்தால் வேறோர் எண் என்று அளவு சரியாக வருகிறது. அதைக் கைபேசியில் பார்ப்பதற்காக நிரலில் வைஃபை சேர்த்ததும் எண் அசைவதே இல்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் 0 அல்லது 4095 என்றே நிற்கிறது. உணரியும் ஒயரும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பின்னில் வரும் மின்னழுத்தத்தை 0 முதல் 4095 வரையான எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏடிசி என்று பெயர். இஎஸ்பி32 சிப்பில் ஏடிசி1, ஏடிசி2 என இரண்டு உண்டு. 32 முதல் 39 வரையான பின்கள் முதலாவதைச் சேர்ந்தவை. 0, 2, 4, 12 முதல் 15 வரை, 25 முதல் 27 வரை உள்ளவை இரண்டாவதைச் சேர்ந்தவை. சிக்கல் இந்த இரண்டாவதில்தான். வைஃபை ஓடும்போது ரேடியோவை இயக்கும் மென்பொருளே ஏடிசி2-ஐத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நம் நிரல் கேட்கும் அளவு எடுக்கப்படுவதே இல்லை. திரும்பி வரும் எண் மின்னழுத்தத்தைக் காட்டுவதும் இல்லை.

பழுதாகிப் போவது அனலாக் அளவு மட்டுமே. அதே 4-ஆம் பின்னில் விளக்கை எரிக்கலாம், பொத்தான் அழுத்தப்பட்டதா என்றும் பார்க்கலாம். பின் கெட்டுவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டாம். நிரலில் வைஃபையைத் தொடங்கும் வரியை மட்டும் நீக்கிப் பாருங்கள். எண் மறுபடி அசைந்தால் காரணம் இதுதான். எண் ஒரே இடத்தில் நிற்காமல், உண்மை அளவைச் சுற்றி முன்பின் ஆடினால் அது வேறு கோளாறு. ரேடியோ சட்டென்று அதிக மின்சாரம் இழுப்பதால் வரும் இரைச்சலாக இருக்கலாம். பல அளவுகள் எடுத்துச் சராசரி பார்த்தால் குறையும்.

நின்றுபோன எண்ணுக்குச் சராசரி உதவாது. ஒயரை 34-ஆம் பின்னுக்கு மாற்றி, நிரலிலும் அந்த எண்ணை மாற்றினால் போதும். 34 முதல் 39 வரையான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே என்பதால் உணரிகளுக்கு அவை பொருத்தம்.

பலகையில் ஒயரை மாற்ற வழியில்லையா? வைஃபை தொடங்கும் முன்பே அளந்துவிடலாம்:

```
int eeram = analogRead(4);
WiFi.begin(ssid, password);
```

மணிக்கொரு முறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு உறங்கும் கருவிக்கு இது ஒத்துவரும். ஒவ்வொரு விழிப்பிலும் நிரல் முதலிலிருந்து ஓடுவதால் அளக்கும் நேரத்தில் ரேடியோ அணைந்தே இருக்கும். எப்போதும் இணைப்பிலேயே இருக்க வேண்டிய கருவிக்கு இந்த வழி உதவாது. அதற்கு ஏடிசி1 பின்களே வேண்டும். அவை போதாவிட்டால் ஏடிஎஸ்1115 போன்ற தனி ஏடிசி சிப்பை இரண்டு ஒயர்களில் தரவு பேசவைத்து, நான்கு உணரிகளை அதில் இணைக்கலாம்.