அடுப்படியில் எடுத்த ஆர்டர்

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்த்துவிட்டு வந்த வெளிநாட்டுத் தம்பதி சாலையோர ஓட்டலில் உட்கார்ந்தார்கள். மாஸ்டருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இருவரையும் அடுப்படிக்கே அழைத்து, காய்ந்த மிளகாயைக் காட்டினார். அந்தப் பெண் தலையை ஆட்டி, கையையும் விரித்தார். தலையாட்டலை மட்டும் நம்பக்கூடாது. நம்மூரில் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டினால் சரி, பல நாடுகளில் பக்கவாட்டில் திருப்பினால் வேண்டாம். மாஸ்டர் கையைத்தான் கவனித்தார்.

கல்லில் தெளித்த தண்ணீர் சுர்ரென்று ஆவியானதும் மாவை ஊற்றி, நெய் விட்டு முறுகலாக எடுத்தார். பச்சை மிளகாய் சேர்க்காமல் தேங்காய்ச் சட்னி அரைத்தார். சாம்பார் தனிக் கிண்ணத்தில், கொஞ்சமாக. அதைத் தொட்டதுமே கணவர் இருமினார். தண்ணீருக்கு உறைப்பு அடங்காது என்பதால் மாஸ்டர் கெட்டித் தயிர் கொண்டுவந்தார். இருமல் நின்றதும் அவர் இன்னொரு தோசைக்கு விரல் காட்டினார்.