ஆப்ஷன் விலை சொல்லும் ஏற்ற இறக்கக் கணக்கு

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று சிகாகோ போர்டு ஆப்ஷன்ஸ் எக்ஸ்சேஞ்ச் செயல்படத் தொடங்கியது. ஃபிஷர் பிளாக், மைரான் ஷோல்ஸ் இருவரும் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையும் அதே ஆண்டில்தான் வெளியானது. ராபர்ட் மெர்ட்டன் அந்தத் தர்க்கத்தைத் தனிக் கட்டுரை ஒன்றில் விரித்தார். 1997இல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது; பிளாக் 1995இலேயே காலமாகிவிட்டார். ஓர் ஆப்ஷனின் ‘சரியான விலை’யைக் கண்டுபிடிக்கும் கணக்கு என்றே இந்தச் சூத்திரம் பெரும்பாலும் அறிமுகம் செய்யப்படுகிறது. ஆனால் சந்தையில் இருப்பவர்கள் அன்றாடம் இதைத் தலைகீழாகத்தான் பயன்படுத்துகிறார்கள். விலை ஏற்கெனவே திரையில் இருக்கிறது. அந்த விலைக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் எதிர்பார்க்கப்பட்டு விற்கப்படுகிறது என்பதைத்தான் சூத்திரத்திடம் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது பயன்பாடே நேர்மையானது, நம்பத்தக்கது என்பது என் வாதம். சூத்திரத்தின் அடிப்படை அனுமானம் பிழை என்று தெரிந்த பிறகும் அது நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

முதலில் அந்த அனுமானத்தைப் பார்ப்போம். 1900இல் பாரிஸில் லூயி பஷெலியே தன் ஆய்வேட்டில் விலையின் அசைவை இயல்நிலைப் பரவலாக, அதாவது மணி வடிவ வளைவாக, எழுதினார். அதன்படி 100 ரூபாய்ப் பங்கு 10 ரூபாய் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றே. போதிய காலம் கொடுத்தால் விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். பங்கு விலைக்கு இது பொருந்தாது. பங்கு பெருக்கல் கணக்கில் நகர்கிறது. முதலீட்டாளர் பார்ப்பது ரூபாயை அல்ல, சதவீதத்தை. 1960களில் பால் சாமுவேல்சன் முதலியோர் விலையின் மடக்கையை இயல்நிலைப் பரவலாக எடுத்தார்கள். அப்போது 100 என்பது 200 ஆவதும் 50 ஆவதும் சம தூர அசைவுகள். விலை எவ்வளவு சரிந்தாலும் பூஜ்யத்தைத் தாண்டாது. இதுதான் மடக்கை இயல்நிலைப் பரவல். பிளாக், ஷோல்ஸ் சூத்திரம் இதன்மேல் நிற்கிறது:

```
C = S·N(d1) − K·e^(−rT)·N(d2)
d1 = [ln(S/K) + (r + σ²/2)·T] / (σ√T)
d2 = d1 − σ√T
```

C என்பது கால் ஆப்ஷனின் பிரீமியம். S இன்றைய விலை, K ஸ்ட்ரைக் விலை, T எக்ஸ்பைரி வரை உள்ள காலம் (ஆண்டுக் கணக்கில்), r வட்டி விகிதம், σ வாலட்டிலிட்டி எனப்படும் ஆண்டு ஏற்ற இறக்கம். N என்பது மணி வளைவின் கீழே சேர்ந்துவரும் பரப்பு. சந்தை ஏறுமா, இறங்குமா என்ற கணிப்புக்கு இதில் இடமே இல்லை என்பது பலரைத் திகைக்க வைக்கும். காரணம் இதுதான்: கால் ஆப்ஷனை விற்றவர் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. அவர் N(d1) அளவுக்குப் பங்கையோ ஃபியூச்சரையோ வாங்கி வைத்து, விலை நகர நகர அந்த அளவைத் திருத்திக்கொண்டே போகலாம். அப்படிச் செய்பவருக்குத் திசை ஒரு பொருட்டல்ல. விலை எவ்வளவு ஆடுகிறது என்பதே அவருடைய செலவைத் தீர்மானிக்கிறது. ஐந்து உள்ளீடுகளில் நான்கைத் திரையிலோ ஒப்பந்தத்திலோ பார்த்துக்கொள்ளலாம். σ மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்காது, ஏனென்றால் அது இனி நடக்கப்போகும் அசைவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. நிஃப்டி 25,000இல் இருக்கிறது, 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனுக்கு 30 நாள் மீதம், வட்டி 6.5 சதவீதம். இப்போதைக்கு டிவிடெண்டை விட்டுவிடுவோம். நிஃப்டி ஆப்ஷனை எக்ஸ்பைரி அன்று மட்டுமே நிறைவேற்ற முடியும் என்பதால் சூத்திரத்தை நேரடியாகப் பயன்படுத்தலாம். வாலட்டிலிட்டி 12 சதவீதம் என்று ஊகித்தால் d1 சுமார் 0.172, d2 சுமார் 0.138, பிரீமியம் 413 ரூபாய். ஆனால் சந்தையில் அது 470 ரூபாய்க்கு விற்கிறது. நம் ஊகம் 57 ரூபாய் குறைவு. இந்த ஆப்ஷனில் வாலட்டிலிட்டி ஒரு சதவீதப் புள்ளி கூடினால் பிரீமியம் சுமார் 28 ரூபாய் கூடும். சந்தையில் இதற்கு வேகா என்று பெயர். 57ஐ 28ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2. ஆகவே 14 சதவீதத்தைப் போட்டுப் பார்க்கிறோம், 469 வருகிறது. போதும். 14 சதவீதம்தான் இந்த விலைக்குள் இருக்கும் இம்ப்ளைட் வாலட்டிலிட்டி, சுருக்கமாக ஐ.வி. σவைத் தனியே பிரித்தெடுக்க நேரடிச் சூத்திரம் கிடையாது. கணினியும் இப்படி ஊகித்து, பிழையை வேகாவால் வகுத்து, திருத்தித்தான் விடையை அடைகிறது. σ கூடினால் பிரீமியம் எப்போதும் கூடுவதால் ஒரு விலைக்கு ஒரே ஐ.வி.தான் உண்டு. அந்த 14ஐ நாளாக மாற்றுவதும் எளிது. ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாள். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 15.9. 14ஐ அதனால் வகுத்தால் 0.88 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 220 புள்ளி அசைவு வழக்கம் என்ற கணக்கில் சந்தை விலை கேட்கிறது.

இப்படி எடுத்த எண்ணை நம்பும் முன் ஒரு சோதனை தேவை. அதே ஸ்ட்ரைக்கின் புட் ஆப்ஷனுக்கும் அதே ஐ.வி. வரவேண்டும். கால் விலை 470 என்றால், கால் பிரீமியத்துக்கும் புட் பிரீமியத்துக்கும் உள்ள கட்டாய உறவின்படி புட் 337 ரூபாயில் இருக்க வேண்டும். ஒருவேளை திரையில் புட் 367 என்றிருந்தால் அதன் ஐ.வி. 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது ‘புட்டில் பயம் கூடியிருக்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது. நாம் விட்டுவிட்ட டிவிடெண்டோ, நாம் போட்ட வட்டியோதான் தவறு. கால், புட் விலைகள் இரண்டும் சேர்ந்து சொல்லும் ஃபியூச்சர் விலை 25,104. நம் கணக்கு எடுத்துக்கொண்டதோ 25,134. அந்த 30 புள்ளியைத் திருத்தினால் இரண்டு ஐ.வி.களும் 14.6 சதவீதத்தில் ஒன்றுசேரும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் குறியீட்டின் இன்றைய விலையை விட்டு ஃபியூச்சர் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். வர்த்தகம் குறைந்த ஸ்ட்ரைக்குகளில் கடைசியாக நடந்த விலை பழையதாக இருக்கலாம்; வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டின் நடுப்புள்ளியை எடுப்பதே பாதுகாப்பு. மிகவும் லாபத்தில் உள்ள ஆப்ஷன்களில் வேகா சிறியது. இரண்டு ரூபாய்ப் பிழைகூட ஐ.வி.யைக் கண்டபடி மாற்றிவிடும்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழும். அனுமானமே தவறென்றால் அதிலிருந்து பிழிந்தெடுத்த எண்ணுக்கு என்ன மதிப்பு? அனுமானம் தவறு என்பதற்குச் சான்று உண்டு. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. ஆண்டு வாலட்டிலிட்டியை 20 சதவீதம் என்று எடுத்தாலும் ஒரு நாளின் வழக்கமான அசைவு 1.26 சதவீதம்தான், சரிவு அதைப்போல் 18 மடங்கு. மணி வளைவின்படி பிரபஞ்சத்தின் வயது முழுவதும் காத்திருந்தாலும் அப்படி ஒரு நாளைப் பார்க்க முடியாது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எதிர்மறை எண்ணுக்கு மடக்கையே கிடையாது. சூத்திரம் அங்கே நின்றுபோகும். எண்ணெய் ஆப்ஷன்களுக்கு அவற்றை நடத்தும் சந்தை அப்போது பஷெலியேயின் பழைய முறைக்கு மாற வேண்டியதாயிற்று.

ஆனாலும் இந்தச் சான்றுகள் முன்னோக்கிய பயன்பாட்டைத்தான் வீழ்த்துகின்றன. பின்னோக்கிய பயன்பாட்டை அல்ல. ஐ.வி. என்பது விலையையே வேறோர் அலகில் சொல்வது. நகைக்கடையில் எடை வேறுபட்ட இரண்டு வளையல்களை ஒப்பிட மொத்த விலை உதவாது. கிராமுக்கு எவ்வளவு என்று மாற்றினால்தான் எதற்கு அதிகம் கேட்கிறார்கள் என்பது தெரியும். மேலே சொன்ன நிஃப்டியில், கால் 470, புட் 337 என்று இரண்டும் ஒத்துப்போன நிலையில், 24,000 ஸ்ட்ரைக் புட்டைப் பாருங்கள். 14 சதவீதத்தில் அதன் விலை 61 ரூபாய். சந்தையில் 110 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் ரூபாயில் 470க்குப் பக்கத்தில் 110 மலிவாகத் தெரியும். ஐ.வி.க்கு மாற்றினால் 17 சதவீதம்; அதுதான் விலையுயர்ந்த சரக்கு. மடக்கை இயல்நிலைப் பரவல் உண்மையென்றால் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே ஐ.வி. வர வேண்டும். 1987க்குப் பிறகு அமெரிக்கக் குறியீட்டு ஆப்ஷன்களில் கீழ் ஸ்ட்ரைக்குகளின் ஐ.வி. நிரந்தரமாக உயர்ந்து நிற்கிறது. பெருஞ்சரிவுக்குச் சூத்திரம் தரும் வாய்ப்பு போதாது என்று சந்தை ஸ்ட்ரைக் வாரியாகத் திருத்தம் எழுதியிருக்கிறது. அந்தத் திருத்தத்தை அளந்து காட்டுவதும் அதே சூத்திரம்தான்.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: ஐ.வி.யைச் சந்தையின் முன்னறிவிப்பு என்றே எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். கூடாது. குறியீட்டு ஆப்ஷன்களில் ஐ.வி. சராசரியாகப் பின்னர் நடந்த அசைவைவிட அதிகம் என்பது நன்கு பதிவானது. விற்பவர் பெருஞ்சரிவின் சுமையை ஏற்பதால் அதற்கான கூலியும் விலையில் சேர்ந்திருக்கிறது. எனவே ஐ.வி. முன்னறிவிப்பும் காப்பீட்டுக் கூலியும் கலந்த எண்; இரண்டையும் பிரித்துக் காட்டும் வசதி சூத்திரத்தில் இல்லை. 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு நாளில், நிஃப்டி ஏறத்தாழ 6 சதவீதம் விழுந்தது. நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து, வேறு வழியில் என்றாலும், இதே அளவைக் கணக்கிடும் இந்தியா விக்ஸ் அன்று 27க்கு அருகில் முடிந்தது. மறுநாளே 19க்கு அருகில் இறங்கியது. ஐயம் நீங்கியதும் அதற்கான விலையும் நீங்கிவிட்டது.

ஆப்ஷன் வாங்க நினைப்பவருக்கு இதன் பொருள் நேரானது. 470 ரூபாய் கொடுத்து அந்தக் கால் ஆப்ஷனை வாங்கிய மறுநாள் ஐ.வி. 14இலிருந்து 12க்கு இறங்கினால் 56 ரூபாய் போய்விடும். ஒரு நாள் கழிந்ததற்காக இன்னும் 9 ரூபாய் போகும். இதை ஈடுகட்டவே நிஃப்டி 100 புள்ளிக்கு மேல் ஏறியாக வேண்டும். திசையைச் சரியாகக் கணித்தும் நஷ்டப்படுவது இப்படித்தான். ஆகவே நிஃப்டி எங்கே போகும் என்று கேட்பதற்கு முன், திரையில் உள்ள பிரீமியத்தை ஐ.வி.யாக மாற்றி, அதை நாள் அசைவாக்கிப் பாருங்கள். நாளுக்கு 220 புள்ளிக்கான விலையை நீங்கள் கொடுக்கிறீர்கள் என்றால், அதைவிட அதிகம் ஆடும் என்று நம்ப உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.