உஷார்! பட்டப்பெயர் தலைவரை விட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது

சல்லியில் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிற பிள்ளைகளே, பெரியவர்களே, தேர்தல் நேரத்தில் சிரித்தபடி அனுப்பிவிடும் அந்தப் பட்டப்பெயர் யாரைத் தொடுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

2022 போராட்டத்தில் பசில் ராஜபக்சவைக் காகம் என்று சொல்லி, காகம் கரைவதுபோலவே கூட்டம் கத்தியது. நாட்டை ஆண்டவரை ஆளப்பட்டவர்கள் செய்த கேலி அது. அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் 2015க்குப் பிறகு சிங்கள முகநூலில் பரவிய ‘பய்யா’ என்ற பெயரைப் பாருங்கள். மகிந்தவுக்கு வாக்களித்தவன் ஒன்றும் அறியாத நாட்டுப்புறத்தான் என்பது அதன் பொருள். பதிலுக்கு மறுபக்கத்தார் ‘டொய்யா’ ஆனார்கள். இங்கே தலைவர் காணாமற்போய்விட்டார். அடி விழுவது வாக்களித்தவரின் ஊருக்கும் பேச்சுக்கும் உடைக்கும். கேலி வசையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

நம்மிடமும் ஒரு பெயர் உண்டு: ‘துரோகி’. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவை மேடைகளில் அப்படித்தான் அழைத்தார்கள். 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அந்தச் சொல் பரவ மேடையும் சுவரொட்டியும் வேண்டியிருந்தன. இன்று ஒரு விரல் போதும். அதனால்தான் அந்தச் சொல்லை இப்போது குழுக்களில் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டுவோருக்குப் பத்து ஆண்டுவரை சிறை என்கிறது. கட்சியைச் சொல்லித் திட்டுவது அதற்குள் வராது. முகநூல் நிறுவனமும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. 2018 திகன வன்முறையின்போது முஸ்லிம்களுக்கு எதிரான சிங்களப் பதிவுகளைப் பற்றிப் பலர் முறையிட்டும் அவை நீக்கப்படாமல் கிடந்தன. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டதே 2020இல்தான்.

ஆபத்தை அறிய வழி உண்டு. பெயர் ஒருவரின் செயலை விட்டு அவருடைய இனம், மதம், சாதி, ஊர், பால் ஆகியவற்றில் ஒட்டினால் அது வசை. புழு, நாய், கிருமி என்று மனிதரைக் குறைத்தால் இன்னும் கவனம். அந்தப் பெயரோடு ஒருவரின் படமும் வீடும் வேலையிடமும் சேர்ந்து வந்தால் அது மிரட்டல். இணைப்பும் நேரமும் தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். கண்டிப்பதற்காகக்கூட அதை மீண்டும் பகிர வேண்டாம், பகிரும் ஒவ்வொரு முறையும் அந்த முகவரி இன்னொருவர் கைக்குப் போகிறது.

முத்துமாரியம்மன் திருவிழாவில் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள் நாம். குழுவின் அட்மின்களே, அப்படியொரு படம் இன்றிரவு வந்தால், முறையிடப் படம் பிடித்துக்கொண்டு, விடியும்வரை காத்திராமல் அப்போதே குழுவிலிருந்து அழித்துவிடுங்கள்.