ஆலய அறிவிப்பும் அயல்நாட்டு விருந்தினரும்

சிப்பாங் மாவட்டத்தின் டெங்கில் ஒரு காலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூராக விளங்கியது. புத்ராஜெயா நகரம் எழும்பியபோது பிராங் புசார் முதலிய தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வூருக்கே குடிபெயர்ந்தன. 1998ஆம் ஆண்டில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் அண்மையில் திறக்கப்பட்டதும் அயல்நாட்டார் கடந்து செல்லும் வழியாகவும் இவ்வட்டாரம் அமைந்துவிட்டது. அவ்வாறு வருவோர் வழியில் ஓர் ஆலயத்தைக் கண்டு உள்ளே செல்ல விரும்பினால், முதலில் அவர்கள் முன் நிற்பது வாயிலில் உள்ள தமிழ் அறிவிப்புப் பலகையே. அதனைப் படமெடுத்துத் தமிழறிந்த நண்பருக்கு அனுப்பிப் பொருள் கேட்கின்றனர்.

ஆலய வழக்கம் அறிந்தவர்களை நோக்கியே அப்பலகை எழுதப்பட்டது. ஆதலின் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வந்தவர் வாயிலிலேயே திகைத்து நிற்பார். சில வேளை பலகை சொல்வதற்கு நேர்மாறாகவும் நடந்துகொள்வார். இதனை விளக்க, ஆலயங்களில் வழக்கமாகக் காணப்படும் வாசகங்களைக் கொண்டு ஒரு மாதிரி அறிவிப்பை அமைத்துக்கொள்வோம்.

"காலை மணி 6.30 முதல் நண்பகல் மணி 12.00 வரை, மாலை மணி 5.30 முதல் இரவு மணி 9.00 வரை. உச்சிக்காலப் பூசைக்குப் பின் நடை சாத்தப்படும். ஆண்கள் மேலாடையின்றி வரவும். கைலி, அரைக்கால் சட்டை தவிர்க்கவும். தீட்டுடையோர் உள்ளே வருதல் கூடாது. அர்ச்சனைச் சீட்டுப் பெற்றுத் தட்டை வழங்கவும். காணிக்கையை உண்டியலில் மட்டும் செலுத்தவும்."

மொழிபெயர்ப்பைத் தொடங்குமுன் படத்தை நன்கு பார்த்துக்கொள்ள வேண்டும். பளபளப்பான பலகையில் வெயில் பட்டால் ஓர் எழுத்து மறைந்துவிடும். பலகையின் அடிப்பகுதி படத்தில் விழாமலும் போகலாம். விழா நாள்களில் நேரம் மாறும் என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நான்கு ஓரங்களும் தெரியவில்லையெனில், மறுபடம் கேட்பதே முறை.

இனி, நேரம். "நடை சாத்தப்படும்" என்பதை ஆலயம் மூடப்படும் என்று மட்டும் சொன்னால் குழப்பம் விளையும். மூலத்தானத்தின் கதவு சாத்தப்பட்ட பின்னும் வெளிவாயில் திறந்திருப்பது உண்டு. பிற்பகல் ஒரு மணிக்கு வந்தவர் திறந்த வாயிலைக் கண்டு நுழைவார். சன்னிதி அடைத்திருப்பதைக் கண்டு ஏமாறுவார். "நண்பகல் பூசை முடிந்ததும் தெய்வத்தின் சன்னிதி அடைக்கப்படும், மாலை ஐந்தரை மணி வரை தரிசனம் இல்லை" என்று விரித்துச் சொல்வதே பயன் தரும். நிவேதனத்தின் போது திரையிடுவது வேறு. அது சிறிது நேரம் காத்திருப்பதற்கான அடையாளமே என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

மிகுந்த கவனம் வேண்டுவது உடை பற்றிய வரி. "மேலாடையின்றி வரவும்" என்பதும் "மேலாடையின்றி வரக்கூடாது" என்பதும் இறுதிச் சொல்லில் மட்டுமே வேறுபடுகின்றன. பொருளோ முற்றிலும் எதிரானது. இரண்டும் உண்மையில் வழக்கில் உள்ளவை. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆடவர் மேற்சட்டையைக் களைந்தே உட்செல்வர். தமிழகத்திலோ, 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணை, ஆடவர் வேட்டி அல்லது பைஜாமாவுடன் மேல்துணி அணியலாம், அல்லது முறையான முழுக்காற்சட்டையும் சட்டையும் அணியலாம் என வகுத்தது. 2016 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அவ்வாணைக்கு அம்மாதத்திலேயே தடை விதிக்கப்பட்டது. ஆகவே எல்லா ஆலயங்களுக்கும் பொதுவான ஒரே வழக்கம் உண்டு என்று ஊகித்து எழுத இடமில்லை. அந்தப் பலகையின் இறுதிச் சொல்லையே நம்ப வேண்டும். அது தெளிவாகத் தெரியாவிட்டால் ஆலயத்தாரிடம் கேட்டறிய வேண்டும்.

"கைலி" என்ற சொல் இந்நாட்டில் வேறொரு சிக்கலைத் தருகிறது. அதனை "சாரோங்" என்று பெயர்ப்பது இயல்பு. ஆனால் பத்துமலைப் படிகளின் அடிவாரத்தில், குட்டை உடையுடன் வரும் பெண்களுக்குக் காலை மறைக்கச் சாரோங் வாடகைக்குத் தரப்படுகிறது. முதல் நாள் அங்கே சாரோங் உடுத்திச் சென்றவர், மறுநாள் இங்கே "சாரோங் கூடாது" என்று படித்தால் என்ன நினைப்பார்? பலகை விலக்குவது ஆடவர் வீட்டில் சாதாரணமாக உடுத்தும் கைலியை. கால் மறைப்பதை அன்று. "ஆண்கள் வீட்டில் உடுத்தும் கைலியுடனோ அரைக்கால் சட்டையுடனோ வர வேண்டாம்" என்று யாருக்கு, எதற்கு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். "கண்ணியமான உடை" என்று மட்டும் எழுதியிருக்கும் பலகைக்கும் இதே விதி பொருந்தும். தோள் மூடியிருக்க வேண்டுமா, முழங்கால் மறைய வேண்டுமா என்பதைக் கேட்டு எழுதினாலன்றி விருந்தினருக்கு அச்சொல் விளங்காது.

"தீட்டு" என்பதை அழுக்கு என்றோ அசுத்தம் என்றோ பெயர்த்துவிட்டால், படிப்பவர் தம்மை இழிவுபடுத்தியதாகவே கருதுவார். குடும்பத்தில் பிறப்பு, இறப்பு நேர்ந்தபின் குறிப்பிட்ட நாள்கள் ஆலயம் செல்லாது விலகியிருக்கும் வழக்கத்தையே அச்சொல் குறிக்கிறது. பல குடும்பங்களில் மாதவிடாய் நாள்களும் அதனுள் அடங்கும். "விலகியிருக்க வேண்டிய காலத்தில் உள்ளோர், வழக்கப்படி, உள்ளே வருவதில்லை" என்று காரணத்தோடு சொன்னால் மனம் புண்படாது. ஓர் ஆலயம் அச்சொல்லால் எதை எதைக் குறிக்கிறது என்பதை மொழிபெயர்ப்பவர் தாமே முடிவு செய்தலாகாது. ஆலய நிர்வாகத்தாரே சொல்ல வேண்டும்.

இறுதியாக, வழிபாட்டுப் பொருளும் பணமும். அர்ச்சனைச் சீட்டு, காணிக்கை என்ற இரண்டையும் "கட்டணம்" என்று ஒரே சொல்லால் பெயர்த்தால், உள்ளே நுழையவே பணம் கட்ட வேண்டும் என்று விருந்தினர் எண்ணுவார். சீட்டு என்பது தம் பெயரில் அர்ச்சனை செய்விக்க விரும்புவோர் மட்டும் முன்கூட்டிப் பெறுவது. காணிக்கை அவரவர் விருப்பம், அளவு குறிக்கப்படுவதில்லை, அது சேர வேண்டிய இடம் உண்டியல். சீட்டுப் பெற்றவரிடம் குருக்கள் பெயர், நட்சத்திரம், ராசி கேட்பார். அயல்நாட்டாருக்கு நட்சத்திரம் தெரியாது. அதனால் தயங்கித் தட்டோடு திரும்பிவிடவும் கூடும். சுவாமியின் பெயரிலேயே அர்ச்சனை செய்விக்கலாம் என்பதை முன்னரே தெரிவித்துவிட்டால் அத்தயக்கம் நீங்கும். தட்டில் வைக்கும் மலரை முகர்ந்து பார்த்தலாகாது என்பது பலகையில் இராது. நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லாததால் எழுதப்படவில்லை. இத்தகைய ஒன்றிரண்டைத் தனிக் குறிப்பாகச் சேர்க்கலாம். ஆனால் அது பலகையின் விதியன்று, நண்பரின் விளக்கம் என்பது புலப்பட வேண்டும்.

எழுதி முடித்தபின், பலகையைப் பார்த்திராத மற்றொருவரிடம் மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்து, எத்தனை மணிக்கு, எவ்வுடையில் செல்வார், பணத்தை எங்கே செலுத்துவார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் சொல்லும் விடைகள் பலகையோடு ஒத்திருந்தால் மொழிபெயர்ப்பு சரி. விழாக் காலமாயின், படம் எடுத்த தேதியைக் குறித்து, அன்றைய பூசை நேரத்தை ஆலய அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுமாறு கடைசி வரியில் எழுதிவிடுதல் நலம்.