மனை போனால் பங்கும் போகுமா?

ஒரு குடும்பக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்துக்காரர் ஒருவர் 2015-ல் உயில் எழுதிப் பதிவும் செய்கிறார். சொந்த ஊர் வீடு மூத்த மகளுக்கு, தாம்பரத்துப் பக்கம் வாங்கிப்போட்ட மனை இளைய மகளுக்கு, ‘மற்றுமுள்ள சொத்துகள் அனைத்தும்’ மகனுக்கு. 2021-ல் வைத்தியச் செலவுக்காக அந்த மனையை விற்கிறார். செலவு போக 40 லட்சம் ரூபாய் வங்கியில் வைப்புநிதியாகக் கிடக்கிறது. உயிலை அவர் மாற்றவில்லை. 2024-ல் காலமாகிறார்.

இளைய மகள் கேட்பது நியாயமான கேள்விதான்: “மனை எனக்குன்னு அப்பா எழுதினாரு. அதை வித்த பணம்தானே பேங்க்ல இருக்கு? அது எனக்குத்தானே?”

அவருக்கு இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 152-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளை ஒருவருக்கென்று எழுதிவைத்து, எழுதியவர் இறக்கும்போது அந்தப் பொருள் அவரிடம் இல்லாமல் போயிருந்தாலோ, வேறுவகைச் சொத்தாக மாறியிருந்தாலோ அந்தக் கொடை அற்றுப்போகும். உயிலின் மற்ற வாசகங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மூத்த மகளின் வீடு அவருக்கே. மனையைப் பற்றிய வரிக்கு மட்டும் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் போய்விடுகிறது. அந்த 40 லட்சமும் ‘மற்றுமுள்ள சொத்து’க்குள் விழுந்து மகனுக்குப் போகும்.

அந்த ‘மற்றுமுள்ள’ என்ற வரியே உயிலில் இல்லாதிருந்தால் நிலைமை வேறு. அந்தப் பணத்தைப் பொறுத்தமட்டில் அவர் உயில் எழுதாமல் இறந்ததாக ஆகும். இந்துக் குடும்பம் என்றால், இருக்கும் மனைவி, மகன், இரு மகள்கள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குப் பத்து லட்சம். இளைய மகளுக்கு மனை முழுவதும் வராது, வெறுங்கையாகவும் நிற்கமாட்டார்.

அப்பாவின் மனதில் என்ன இருந்தது என்று நீதிமன்றம் பார்க்காதா என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தார்கள். பொருளை விற்றவர் கொடையையும் நீக்க நினைத்தாரா என்று ஒவ்வொரு வழக்கிலும் தேடிக்கொண்டிருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீதிபதி தர்லோ பிரபு அந்தத் தேடலுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். பொருள் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி என்றார். நம் சட்டமும் அந்த வழியில்தான் வந்தது. இறந்தவரின் மனதைப் பற்றி ஆளுக்கொரு சாட்சி சொல்ல வருவதைத் தடுக்க இதைவிட உறுதியான வேலி இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகச் செய்ய நினைத்த ஒரு தகப்பனின் எண்ணம் ஒரு கிரயப் பத்திரத்தில் கலைந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

விற்றால்தான் என்றில்லை. “என் காசுமாலை பேத்திக்கு” என்று எழுதிவைத்த பாட்டி, அதை உருக்கி நாலு வளையல் செய்துகொண்டால், தங்கம் அதே தங்கமாக இருந்தும் காசுமாலை இல்லை. தங்கச் சங்கிலியைக் கிண்ணமாகச் செய்துகொண்டால் கொடை போகும் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. அதே காசுமாலையை அடகு வைத்திருந்தால் கொடை போகாது. ஏற்றுக்கொள்ளும் பேத்தி கடனைக் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. எழுதியவருக்குத் தெரியாமல், அவர் சம்மதமும் இல்லாமல் பொருள் மாற்றம் அடைந்திருந்தால் கொடை அற்றுப்போகாது என்கிறது 164-ஆம் பிரிவு. முதலீட்டுப் பத்திரங்களை முகவர் உரிமையாளருக்குத் தெரியாமலே விற்று, பணத்தை வேறு பங்குகளில் போட்டுவிட்டதைத்தான் சட்டம் அங்கே உதாரணமாகத் தருகிறது. பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளில் ஒருவர் காரியம் பார்க்கும் நம் வீடுகளில் இது பெரிய விஷயம். விற்றது அப்பாவுக்குத் தெரியுமா, அப்போது அவருக்கு நினைவு சரியாக இருந்ததா என்பதை மருத்துவச் சீட்டுகளும் வங்கிக் கணக்கும் காட்டிக்கொடுக்கும். அதனால் இளைய மகள் முதலில் வாங்கிப் பார்க்க வேண்டியது அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலைத்தான். கையெழுத்துப் போட்டது யார், எந்தத் தேதியில், பணம் எந்தக் கணக்குக்கு வந்தது என்று பார்க்க வேண்டும்.

அப்பா எழுதிய விதமே வேறாக இருந்திருந்தால் இத்தனை சிக்கலும் இல்லை. “இருபது லட்ச ரூபாய் இளைய மகளுக்கு, அதை முதலில் என் மனையிலிருந்து கொடுக்கவும்” என்று தொகையை முன்வைத்து எழுதியிருந்தால், மனை போனாலும் மற்றச் சொத்திலிருந்து அந்தத் தொகை வந்திருக்கும். மனையைத்தான் கொடுக்க வேண்டும் என்றால், “என் மரணத்தின்போது இந்த மனை என் வசம் இல்லாவிட்டால், பதிலாக என் மற்றச் சொத்திலிருந்து இத்தனை ரூபாய்” என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மனையை விற்ற 2021-லேயே, இரண்டு சாட்சிகளை வைத்து ஓர் இணைப்பு உயிலில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் போதும்.