பிளீச்சோடு வினிகர் சேரக்கூடாது

ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் தொடரும் மாதங்களில் துணி எளிதில் காய்வதில்லை. வெள்ளை வேட்டியிலும் படுக்கை விரிப்பிலும் பூஞ்சைக் கறுப்புப் புள்ளிகள் விழும். அவற்றைப் போக்கத் திரவ பிளீச்சோ பிளீச்சிங் பவுடரோ பயன்படும். வாடை போக அதே வாளியில் வினிகரையும் ஊற்றுவதில்தான் ஆபத்து. பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட், அமிலம் பட்டவுடன் குளோரின் வாயுவை வெளிவிடும். எலுமிச்சைச் சாறும் அமிலமே. கழிப்பறை ஆசிட் இன்னும் கடுமையானது. குளோரின் காற்றைவிடக் கனமானது. குளிருக்குச் சன்னலை அடைத்த குளியலறையில் அது தரையோடு தேங்கும், குனிந்து துவைப்பவரின் முகத்துக்கு நேராக.

அம்மோனியா கலந்த கிளீனரோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு உண்டாகும். சிறுநீரிலும் அம்மோனியா உண்டு; எனவே குழந்தையின் ஈரத்துணியை முதலில் வெறும் நீரில் நன்றாக அலச வேண்டும். பிளீச்சைத் தண்ணீரோடும் சாதாரண சோப்புத்தூளோடும் மட்டும் சேர்ப்பதே பாதுகாப்பு. வினிகர் வேண்டுமென்றால், பிளீச் முழுவதும் போக அலசிய பிறகு, வேறு நாளில்.

மூக்கைத் துளைக்கும் நெடி, கண் எரிச்சல், இருமல் ஆகியவை வாயு கிளம்பியதன் அறிகுறிகள். வாளியைத் தொடாமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, கண்களை ஓடும் நீரில் கழுவ வேண்டும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். வந்தால் மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.