கிறுக்கல் தாளோடு போகும் சீட்டு

எங்கள் நடுநிலைப் பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பிலிருந்து மாதம் ஒருமுறை குழந்தைகளின் தாள்கள் வீட்டுக்குப் போகும். பெரும்பாலான தாள்களில் நமக்குப் பழக்கமான எழுத்து ஒன்றுகூட இருக்காது. அலை அலையாகக் கோடுகள், சுழிகள், அங்கங்கே புள்ளிகள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் வாசலில் கேள்வி வரும்: "என்ன டீச்சர், வெறும் கிறுக்கலா இருக்கு? எப்ப எழுத வைப்பீங்க?" பக்கத்துத் தெருப் பிள்ளை அதற்குள் அ, ஆ எழுதி நோட்டை நிரப்பிவிட்ட செய்தியும் கூடவே வரும். அதனால் இப்போது தாளோடு ஒரு சீட்டையும் வைத்து அனுப்புகிறேன்.

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். இந்தத் தாளில் இருப்பது உங்கள் குழந்தையின் எழுத்து. நம்மால் இன்னும் படிக்க முடியவில்லை, ஆனால் குழந்தை படிக்கும். 'இதுல என்ன எழுதியிருக்கே?' என்று கேட்டு, சொல்வதை முழுவதும் கேளுங்கள். தப்பு என்று அழிக்க வேண்டாம், மேலே திருத்தி எழுதவும் வேண்டாம். நீங்கள் மளிகைச் சீட்டு எழுதும்போது குழந்தைக்கும் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுங்கள். இந்தத் தாளைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள்."

படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இதையே வாசலில் நின்று சொல்லிவிடுவேன். உண்மையில் சீட்டைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் வேலை செய்கிறது.

கிறுக்கலை எழுத்து என்று எதை வைத்துச் சொல்கிறேன்? எல்லாக் கிறுக்கலையும் நான் அப்படிச் சொல்வதில்லை. என் வகுப்பில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் தாள்களை எடுத்துக்கொள்வோம். ஜூலை மாதத் தாளில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரைந்த வட்டங்கள். என்ன இது என்றால் பதில் இல்லை. பென்சில் நகர்ந்தால் கோடு விழுகிறது என்ற மகிழ்ச்சிதான் அதில் இருந்தது. செப்டம்பரில் கடை விளையாட்டின்போது அரைத் தாள் கேட்டு வாங்கினாள். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து சிறு நெளிகோடுகள். ஓரத்தில் ஒரு உருண்டை. "எது படம், எது எழுத்து?" என்று கேட்டேன். தயங்காமல் உருண்டையைப் படம் என்றும் நெளிகோடுகளை எழுத்து என்றும் காட்டினாள். படிக்கச் சொன்னதும் விரலை ஒவ்வொரு கோட்டின்மீதும் இடமிருந்து வலமாக நகர்த்தி, "பால், முட்டை, தக்காளி, சோப்பு, ஆயாவுக்கு வெத்தல" என்றாள்.

அந்த அரைத் தாளில் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். படம் வேறு, எழுத்து வேறு. எழுத்து இடமிருந்து வலமாகப் போகும். வாங்க வேண்டிய பொருள்களைத் தொடர்ந்து எழுதாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்கள். ஒரு பொருளுக்கு ஒரு வரி. இதில் எதையும் நான் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டில் யாரோ சீட்டு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

மறுநாள் அதே தாளைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். "பால்" என்று தொடங்கி ஏதோ ஒரு நாய்க் கதைக்குப் போய்விட்டாள். எழுதியது எழுதியபடியே நிற்கும், எத்தனை முறை படித்தாலும் அதே சொல்தான் வரும் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இதைத்தான் அடுத்துக் கவனிக்க வேண்டும். அவள் முதல் நாள் சொன்ன ஐந்து சொற்களையும் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததால்தான் இந்த வேறுபாடு எனக்கே தெரிந்தது. குழந்தை சொல்லும்போதே எழுதிவிட வேண்டும், மாலையில் நினைவிலிருந்து எழுதினால் மாறிவிடும்.

இப்படிக் கிறுக்கலைக் கூர்ந்து பார்த்தவர்கள் பலர். நியூசிலாந்தின் மேரி கிளே 1975-இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அர்ஜென்டினாவில் எமிலியா ஃபெரெய்ரோவும் அனா டெபெரோஸ்கியும் சிறு குழந்தைகளை எழுதச் சொல்லி, படிக்கச் சொல்லி ஆராய்ந்ததை 1979-இல் ஸ்பானிய மொழியில் நூலாக்கினார்கள். பெரிய பொருளின் பெயருக்கு அதிக எழுத்து வேண்டும் என்று குழந்தைகள் ஒரு கட்டத்தில் நினைப்பதை அவர்கள் கண்டார்கள். நம் மொழியில் இதைச் சோதிக்க யானையும் எறும்பும் போதும். டிசம்பரில் அந்தச் சிறுமியிடம் இரண்டையும் எழுதச் சொன்னேன். யானைக்குத் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு நெளிகோடு. எறும்புக்குக் கடுகளவு ஒரு சுழி.

நான் திருத்தவில்லை. படத்தோடு பெயர் எழுதிய இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் வைத்தேன். யா-னை என்று இரண்டு தட்டு, எ-றும்-பு என்று மூன்று தட்டு, சேர்ந்து கை தட்டினோம். அட்டைகளை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எறும்புக்கு ஏன் இவ்ளோ?" என்றாள். எழுத்து பொருளின் அளவைக் காட்டுவதில்லை, சொல்லின் ஓசையைக் காட்டுகிறது என்பதற்கான வாசல் அந்தக் கேள்விதான்.

இதற்கு அடுத்த கட்டம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், வேறு பெயரில். அசைக்கு ஒரு குறி என்று குழந்தை எழுதத் தொடங்கும். அப்போது அம்மா 'அமா' ஆகும், மரம் 'மர' ஆகும். புள்ளி எழுத்து தனி அசையாக நிற்காததால் குழந்தையின் காதில் அது தனியாக விழுவதில்லை. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பதைவிட, 'மரம்' என்று நீட்டிச் சொல்லி, உதடு எங்கே மூடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போன 'ம்' எங்கே இருக்கிறது என்று குழந்தையே காட்டும்.

வீட்டில் பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்தான். நல்ல எண்ணத்தில் அம்மாவோ அக்காவோ புள்ளி புள்ளியாக 'அ' போட்டு அதன்மேல் பத்து முறை எழுதச் சொல்வார்கள். கை அதைச் செய்துவிடும். ஆனால் சில நாள்களில், தானாகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த குழந்தை வெற்றுத் தாளைக் கொடுத்தால், "எனக்கு எழுதத் தெரியாது" என்று நம் கையைப் பார்த்துக் காத்திருக்கும். அப்படி ஒரு குழந்தையைக் கண்டால், வீட்டில் திருத்தல் நடக்கிறதா என்று முதலில் விசாரிக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சும்மா விட்டுடலாமா?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கிறுக்கல் தானாக 'அ' ஆகிவிடாது. பெயர் அட்டை தினமும் கண்ணில் பட வேண்டும், விரல் வைத்துக் கதை படித்துக் காட்ட வேண்டும், பிறகு எழுத்தையும் ஓசையையும் முறையாகக் கற்பிக்கவும் வேண்டும். அதைப் பள்ளி செய்யும். யு.கே.ஜி. முடியும் தறுவாயிலும் படத்தையும் எழுத்தையும் பிரித்துக் காட்டாத குழந்தையை நான் தனியாகக் கவனிக்கிறேன். தாளை முகத்தருகே வைத்துப் பார்க்கிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுகிறேன்.

ஏப்ரலில் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கு தாள்களை, பின்பக்கக் குறிப்போடு சேர்த்து, யு.கே.ஜி. ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தச் சிறுமியின் கடைசித் தாளில் நெளிகோடுகளுக்கு நடுவே அவள் பெயரின் முதலெழுத்து மூன்று இடங்களில் இருக்கிறது, ஒன்று தலைகீழாக.